முத்திரை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

தரமுத்திரை இல்லாத பொம்மைகள் இணையத்தில் விற்கப்படுவது குறித்த செய்தியைப் படித்தேன். 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம். ஆனால், முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு விற்பவர்கள் நின்றுவிடுகிறோம். அதன் மேலே உள்ள, எந்தத் தரநிலை என்று சொல்லும் ஐ.எஸ். எண்ணையும், கீழே உள்ள CM/L என்ற உரிம எண்ணையும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பெங்களூரு அல்சூரில் வீட்டிலிருந்தபடி இணையத்தில் பொம்மை விற்கிறேன். சென்ற தீபாவளிக்கு மொத்த வியாபாரியிடம் பேட்டரி கார்கள் வாங்கினேன். பெட்டியில் முத்திரை பளிச்சென்று இருந்தது. சரி, எதற்கும் பார்ப்போமே என்று CM/L எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் BIS Care செயலியில் போட்டேன். நிறுவனத்தின் பெயர் சரியாகவே இருந்தது. உரிமம் மட்டும் IS 9873-க்கு, அதாவது மின்சாரம் இல்லாத பொம்மைகளுக்கு! பேட்டரியில் ஓடுவதற்கு IS 15644 வேண்டும். பேட்டரி சூடாவதெல்லாம் அதில்தான் சோதிக்கப்படுகிறது. 40 பெட்டிகளையும் திருப்பி அனுப்பினேன்.

விற்பனைத் தளங்கள் பொம்மையைப் பட்டியலிடும் முன்பே இவ்விரு எண்களையும் கேட்டு வாங்கிச் சரிபார்த்து, வாங்குபவர் கண்ணில் படும்படி விலைக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும்.

– ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு