கர்ட் கோபேன் மேல் போட்ட வழக்கை வாபஸ் வாங்குங்கள்

எண்பதுகளின் ராக் ரசிகப் பெருமக்களுக்கு,

நானும் உங்கள் கட்சிதான். வான் ஹேலனின் ‘இரப்ஷன்’ கிட்டார் வாசிப்பு ஒரு நிமிடம் நாற்பது சொச்சம் விநாடிதான், அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் தூக்கம் கெட்டவன். அதனால் இந்த மடலை எதிர்க்கட்சிக்காரன் எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நாம் நாலு பேர் சேர்ந்தால் போதும், “கிட்டார் சோலோவைக் கொன்றது கர்ட் கோபேனின் நிர்வாணா குழுதான்” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 1991 செப்டம்பரில் அவர்களுடைய ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ பாட்டு வந்ததாம், மறுநாள் காலையில் எல்லாரும் சோலோவை மூட்டை கட்டி வைத்துவிட்டார்களாம். இந்த வழக்கில் சாட்சிகள் பொருந்தவில்லை.

முதல் சாட்சி அந்தப் பாட்டே. அதில் சோலோ இருக்கிறது. சின்னதும் இல்லை, பதினாறு பார், அரை நிமிடம். அதில் கோபேன் செய்ததெல்லாம், தான் பாடிய மெட்டையே கிட்டாரில் திருப்பி வாசித்ததுதான். நம்மூர் வீணைக்காரர்கள் கிருதியின் சாகித்யம் காதில் விழும்படி வாசிப்பார்களே, அந்த மாதிரி. வேகம் இல்லை, வித்தை இல்லை. நமக்கு எரிச்சல் வந்தது அதனால்தான். அதே சியாட்டிலிலிருந்து அதே ஆண்டு வந்த பேர்ல் ஜாமின் ‘அலைவ்’ பாட்டைக் கேளுங்கள். கடைசியில் மைக் மெக்ரெடி ஒரு நிமிடத்துக்கு மேல் விடாமல் வாசிக்கிறார். அடுத்த ஆண்டு, ஏறத்தாழ ஒன்பது நிமிடம் ஓடும் கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் ‘நவம்பர் ரெயின்’ அத்தனை சோலோக்களையும் சுமந்துகொண்டே அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது. செத்ததாகச் சொன்ன ஆள் தேரில் ஏறி ஊர்வலம் போயிருக்கிறார்.

சரி, நிர்வாணாவுக்கு முன்பே கத்தி எங்கே விழுந்தது? 1988இல், நம் பொற்காலத்திலேயே. கன்ஸ் அண்ட் ரோசஸின் ‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன்’ ஆல்பத்தில் ஆறு நிமிடத்துக்கு நாலு விநாடி குறைவு. வானொலிக்கென்று அதை வெட்டினார்கள். வெட்டுப்பட்டதில் பெரும்பங்கு கிட்டார்காரர் ஸ்லாஷின் சோலோ. விளம்பரத்துக்கு இடம் பிடிக்கத்தான் இந்த வேலை என்று பாடகர் ஆக்ஸல் ரோஸ் பேட்டியிலேயே பொரிந்து தள்ளினார். அந்த ஆண்டு செப்டம்பரில் பாட்டு முதலிடம் பிடித்தது. நிலையக்காரர்களுக்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? சோலோவில் கை வைத்தாலும் பாட்டு ஓடும்.

இதில் வேதனை என்னவென்றால், வெட்டக் கூடாத ஒரு சோலோ உண்டென்றால் அது இதுதான். கிட்டார்காரர்களின் விரல் கணக்கில் சொல்கிறேன் (அவர்கள் தந்தியை அரை ஸ்வரம் இறக்கி வைத்திருந்தார்கள், அதை விட்டுவிடுவோம்). பாட்டின் சரணமும் பல்லவியும் டி மேஜரில் வெயிலடிக்கும். பெரிய சோலோ தொடங்கியதும் பாட்டு ஈ மைனருக்கு இறங்கி இருட்டிவிடும். முதல் பாதியில் ஸ்லாஷ் நிதானமாக, நாம் முணுமுணுக்கக்கூடிய மெட்டாகவே வாசிப்பார். அப்புறம் வா-வா பெடலை மிதித்துக் கதற விடுவார். அது முடிந்து ஆக்ஸல் “எங்கே போவது இனி” என்று கேட்கும்போது பாட்டு அந்த இருட்டிலேயே நின்றுவிடும், டி மேஜருக்குத் திரும்பாது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் வாசல் அந்த சோலோ. அதற்கு அங்கே ஒரு வேலை இருந்தது.

நம் காலத்துப் பாட்டுகள் எத்தனையில் சோலோவுக்கு இப்படி வேலை இருந்தது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். எண்பதுகளின் கடைசியில், இரண்டாவது பல்லவி முடிந்ததும் கடிகாரம் பார்த்தாற்போல் ஒரு சோலோ வரும். லாஸ் ஏஞ்சலிஸில் கிட்டாருக்கென்றே தனிப் பள்ளி நடந்தது. பத்திரிகைகள் சோலோவை ஸ்வரம் ஸ்வரமாக அச்சடித்து விற்றன. நழுவாமல் சுருதி நிற்க ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் வந்தது. எல்லாரும் வேகமாக வாசித்தார்கள், எல்லாரும் ஒரே மாதிரி வாசித்தார்கள். ஒரு பாட்டின் சோலோவைக் கழற்றி, சுருதியை மட்டும் மாற்றி இன்னொரு பாட்டில் மாட்டினால் யாருக்கும் தெரியாது. நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் வந்ததும் கேன்டீனுக்கு எழுந்து போவார்களே, அந்த நிலைமை.

கோபேன் செய்தது அந்த வேலையை வேறிடத்துக்குக் கொடுத்தது. ‘டீன் ஸ்பிரிட்’ ஆரம்பம் முதல் முடிவு வரை பெரும்பாலும் அதே நான்கு கார்டுகளின் மேல்தான் ஓடுகிறது. சரணத்தில் கிட்டார் இரண்டு ஸ்வரத்தோடு ஒதுங்கிக்கொள்ள, பேஸ் தனியாக நடக்கிறது. பல்லவியில் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால் கூரை பெயர்கிறது. சத்தம் ஏறி இறங்குவதே பாட்டைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. முன்பு சோலோ கொடுத்த உச்சத்தை இப்போது ஒரு பெடல் கொடுக்கிறது. பிக்சீஸ் குழுவிடம் கற்றது இது என்று அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது அடி இன்னும் பலமானது, அதை யாரும் பேசுவதில்லை. 1990இல் ஐபனெஸ் நிறுவனம் ஸ்டீவ் வாய்க்காக ஏழு தந்தி கிட்டார் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தது. மின்னல் வேகக்காரருக்கு இன்னும் கொஞ்சம் ஓட இடம். அதைக் கையில் எடுத்த கார்ன் குழுவின் இருவரும் ஓடவே இல்லை. அடித் தந்தியை ஏ வரை இறக்கி, அங்கேயே உறுமினார்கள். 55 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் எல்லைக்குள்ளேயே புகுந்துவிட்ட சுருதி. அந்தப் பாணியில் இரண்டு கிட்டாரும் சேர்ந்து எழுப்பும் சுவர்தான் பாட்டு. ஒருவர் சோலோவுக்காக மேலே ஏறினால் பாதிச் சுவர் சரியும். சோலோ வேண்டாம் என்று கொள்கை முடிவு எடுத்தார்களோ என்னவோ, எடுக்காவிட்டாலும் அந்த ஒலியில் அதற்கு இடமில்லை.

இதற்குப் பயந்துபோன பெரிய மனிதர் யார் தெரியுமா? நம் மெட்டாலிகா. 2003இல் வந்த ‘செயின்ட் ஆங்கர்’ எழுபத்தைந்து நிமிடம், ஒரு சோலோ கிடையாது. அந்தப் பதிவைப் படம்பிடித்த ஆவணப்படத்திலேயே குழுவின் கிட்டார்காரர் கிர்க் ஹேமட் மறுத்துப் பேசுகிறார். சோலோ பழைய காலத்துச் சமாச்சாரம் என்கிறீர்கள், அதை விட்டால்தான் பாட்டு இந்தக் காலத்தோடு ஒட்டிக்கொண்டு சீக்கிரம் பழசாகும் என்பது அவர் வாதம். தோற்றார். ஐந்து வருடம் கழித்து, ‘டெத் மேக்னடிக்’கில் சோலோ திரும்பி வந்தது.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. ஒன்று, வழக்கை வாபஸ் வாங்குங்கள். இரண்டு, சோலோ வேண்டும் என்று கேட்கும்போது, எந்த வேலைக்கு வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வார இறுதியில் நாங்கள் நாலு பேர் வாசிக்கும் குழுவில் இதைச் சொல்லிச் சண்டை போட்டு, ஒரு பாட்டில் எனக்குப் பதினாறு பார் வாங்கியிருக்கிறேன். எட்டுக்கு மெட்டு வந்துவிட்டது. மீதி எட்டில் இன்னும் வேகமாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்