ஒரு பத்தியின் எண்ணைக் கொண்டு முழுக் கட்டுரைக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆய்வு நெறிமுறைக் குழுவினருக்கு,

வணக்கம். என் மாணவியின் 4000 சொல் கட்டுரை உங்கள் மேசையில் ஏழு வாரமாகக் கிடக்கிறது. செயற்கை நுண்ணறிவு எழுத்தைக் கண்டறியும் மென்பொருள் அதன் செய்முறைப் பகுதிக்கு நூற்றுக்கு 90 என்று எண் கொடுத்தது; எண் ஏற ஏற, இயந்திரம் எழுதியது என்ற ஐயம் ஏறும். விசாரணை அன்று அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்து அவள் முன் வைத்தீர்கள். மண்கறை படிந்த களக் குறிப்பேட்டை அவள் நீட்டினாள். ஒருவரும் கைநீட்டி வாங்கவில்லை.

அந்தப் பக்கத்தில் மஞ்சள் பூசியிருந்த வாக்கியத்தைப் பாருங்கள்: மண் மாதிரிகள் 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தப்பட்டன. இதை வேறு எப்படி எழுதுவது? இத்தகைய மென்பொருள்களில் பல, அடுத்து வரும் சொல்லை எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்பதைப் பெரிதும் சார்ந்தே எண் தருகின்றன. செய்முறைப் பகுதியை எல்லாரும் ஒரே அச்சில்தான் வார்க்கிறார்கள். அதனால் அங்கே எண் ஏறுகிறது. விவாதப் பகுதியில் அவள் தன் கருத்தோடு மல்லுக்கட்டுகிறாள், அங்கே இறங்குகிறது. பகுதி சிறியதாக இருந்தால் ஓரிரு வாக்கியங்களே எண்ணைப் புரட்டிவிடும்.

முன்னுரை 800 சொல், எண் 20. செய்முறை 400 சொல், 90. முடிவுகள் 1600 சொல், 15. விவாதம் 1200 சொல், 10. நீங்கள் எடுத்துக்கொண்டது உச்ச எண்ணான 90. நான்கையும் கூட்டி வகுத்தால் ஏறத்தாழ 34. சொல் அளவுக்கேற்ற எடை கொடுத்தால் 22. உச்சத்தை எடுப்பதுதான் மிக ஆபத்தானது. ஒரு துண்டில் பொய்யாக மணி அடிக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான் என்று வையுங்கள். 20 துண்டுகள் தனித்தனியே சோதிக்கப்பட்டால், எங்காவது ஓரிடத்தில் அடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் 18. நீளமாக எழுதியவரே அதிகம் மாட்டிக்கொள்வார்.

சராசரி மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. உண்மையிலேயே இயந்திரம் எழுதிய ஒரு பகுதியை அது மறைத்துவிடலாம். ஆகவே ஒவ்வொரு பகுதியையும் அதன் இனத்தோடு ஒப்பிடுங்கள். சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30 அன்று. அதற்கு முன் நம் துறையில் ஏற்கப்பட்ட கட்டுரைகளின் செய்முறைப் பகுதிகளை அதே மென்பொருளில் இடுங்கள். அவையும் 80, 90 என்று காட்டினால், அவளுடைய 90 எதையும் சொல்லவில்லை. மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் நீக்கிவிட்டு, பழைய கட்டுரைகளின் அளவிலிருந்து ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகல்களைச் சொல் எடையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். அப்போதும் ஒரு பகுதி தனித்து உயர்ந்து நின்றால் அவளை அழைத்து அதைப் பற்றிக் கேளுங்கள்.

மென்பொருள் வாங்க நிதி இருந்தது. அதன் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு பிற்பகல் கிடைக்கவில்லை. என் கடுமையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பகுதியின் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பதே மீண்டும் என் வேண்டுகோள். பழைய கட்டுரைகளை நானே எடுத்துத் தருகிறேன். அடுத்த அமர்வில் அந்தக் குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள்.

பணிவுடன்,
ஆய்வு நெறியாளர்