விளக்கா, விலக்கா?

யாழ்ப்பாணம்,
சனிக்கிழமை இரவு.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். சின்னவள் வடிவாகத்தான் பாடுகிறாள். ஆனால் "இல்லக விலக்கது இருல் கெடுப்பது" என்றுதான் என் காதில் விழுகிறது. நான் சிரித்தேன், அப்பா சிரிக்கவில்லை. "விலக்கு என்றால் தள்ளிவை என்றல்லோ அர்த்தம், பிள்ளை விளக்கைத் தள்ளி வைக்கச் சொல்லுதா?" என்றார். ஆகவே நீ கேட்ட பாட்டுகளில் இந்த ஒன்றை மட்டும் முழுசாக எழுதுகிறேன். "பாலும் தெளிதேனும்" அவளுக்கு ஏற்கெனவே பாடம், அதை விடு.

பாட்டை முதலில் நான் எழுதுகிறபடி அவளுடைய கொப்பியில் எழுதிக்கொடு.

இல்லக விளக்கது இருள்கெ டுப்பது
சொல்லக விளக்கது சோதி யுள்ளது
பல்லக விளக்கது பலருங் காண்பது
நல்லக விளக்கது நமச்சி வாயவே

இது அப்பர் சுவாமிகளின் நமச்சிவாயப் பதிகத்தில் எட்டாவது பாட்டு, நாலாம் திருமுறை. கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது பாடினார் என்று சொல்லும் பதிகம் இதுதான். அந்தக் கதையை அவளுக்குச் சொல்லு, பிள்ளைகளுக்குக் கடல் பிடிக்கும். "சொற்றுணை வேதியன்" என்று தொடங்கும் முதல் பாட்டை எல்லாரும் பாடுவார்கள். ஆனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எட்டாவதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

"இருள்கெ டுப்பது" என்று இடையில் வெட்டி எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. தேவாரப் புத்தகங்களில் அப்படித்தான் அச்சிடுவார்கள். வரிக்கு நாலு சீர்: இல்லக, விளக்கது, இருள்கெ, டுப்பது. சந்தத்துக்காகப் பிரித்தது, அர்த்தத்துக்காக அல்ல. நான் ஆறு வயதில் "டுப்பது என்றால் என்ன அம்மா" என்று கேட்டு, அம்மம்மா அடுப்பைக் காட்டியது உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகவே ராகத்தோடு பாடும்போது நாலு தட்டு தட்டிப் பாடட்டும். வாசிக்கும்போதும் பொருள் சொல்லும்போதும் "இருள் கெடுப்பது" என்று சேர்த்துச் சொல்லட்டும். கடைசி வரியில் "நமச்சி வாயவே"யும் அப்படித்தான், "நமச்சிவாயவே" என்று சேர வேண்டும்.

சரி, இப்போது அந்த ள. நுனி நாக்கை மேல் பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் வைத்தால் ல. நாக்கைப் பின்னுக்கு வளைத்து, நுனி அண்ணத்தின் மேற்பக்கத்தில் தொட்டால் ள. கண்ணாடிக்கு முன்னால் வாயைத் திறந்து சொல்லச் சொல்லு. ளவுக்கு நாக்கின் அடிப்பக்கம் கொஞ்சம் தெரியும், லவுக்குத் தெரியாது. சரியாக வருகிறதா என்று பார்க்க "புலி, புளி" என்று மாறி மாறிச் சொல்ல விடு. போன மாதம் அவள் "புலி போட்டு ரசம்" என்றாளே, அது சரியாக வந்தால் விளக்கும் சரியாக வரும். ஒரே வரியில் இல்லகவுக்கு ல, விளக்குக்கு ள, இருளுக்கு ள என்று நாக்கு மாறி மாறி ஓடவேண்டும். கெதியாகப் பாடினால் எல்லாம் ல ஆகிவிடும், அதனால் முதல் ஒரு கிழமைக்கு ஆறுதலாகவே சொல்லட்டும்.

இன்னொன்று, க. "இல்லக" என்பதில் க மெல்லியது, காற்றோடு வரும். "விளக்கது" என்பதில் க்க, அங்கே ஒரு கணம் நின்று அழுத்த வேண்டும். பதிவில் "விளகது" என்றும் ஒருதரம் கேட்டது. "நமச்சி" என்பதிலும் ச்ச இரட்டிப்பு. "நமசிவாய" என்று பாடினால் பிழை ஒன்றும் இல்லை, மந்திரம் அப்படித்தான், ஆனால் இந்த வரியில் சந்தம் தடுக்கி விழும். கையைத் தட்டிப் பாடிப் பார், உனக்கே விளங்கும்.

பொருள் சொல்லும்போது ஒரேயடியாகச் சொல்லாதே. "விளக்கது" என்பது விளக்கு + அது. முதல் வரியில் இருந்தே "அது, அது" என்று சொல்லிக்கொண்டு போகிறார், எது என்று சொல்லவில்லை. விடுகதை மாதிரி. கடைசிச் சொல்லில்தான் விடை. ஆகவே ஒவ்வொரு வரிக்கும் பிறகு "எது அது?" என்று அவளைக் கேட்க விடு.

அகம் என்றால் வீடு, உள்ளம், உட்புறம் மூன்றும்தான். இல்லத்தின் உள்ளே இருக்கும் விளக்கு இருட்டைப் போக்கும். இது அவளுக்குக் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. சொல்லின் உள்ளே இருக்கும் விளக்கு, சோதி உடையது. இதுதான் பிள்ளைக்குக் கஷ்டம். நான் உனக்குச் சொன்ன மாதிரிச் சொல்லு: கண்ணை மூடு, "கறுத்தக் கொழும்பான்" என்று நான் சொல்கிறேன், மாம்பழம் தெரிகிறதா? சொல்லுக்குள் வெளிச்சம் இருப்பதால்தான் தெரிகிறது. (அவள் கறுத்தக் கொழும்பான் கண்டதில்லை என்றால் வேறு ஏதாவது சொல்லு, ஆனால் எனக்குக் கவலைதான்.) மூன்றாவது, பல அகங்களில் எரிந்து பலரும் காண்கிற விளக்கு. கார்த்திகை விளக்கீட்டன்று ஒழுங்கை முழுவதும் ஒவ்வொரு படலையிலும் விளக்கு எரியுமே, அந்தப் படத்தைக் காட்டு. வீடு பல, வெளிச்சம் ஒன்று. நாலாவது, நல்ல உள்ளத்தில் எரியும் விளக்கு. எது அது? நமச்சிவாய.

தொடங்கும்போதும் முடிக்கும்போதும் "திருச்சிற்றம்பலம்" சொல்ல மறக்க வேண்டாம். பிறகு திருநீறு, கீழே சிந்தாமல். உங்கள் வீட்டில் புகை அலாரம் கத்தும் என்று பற்றரி விளக்கு வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் கிழமைக்கு ஒரு நாளாவது திரி போட்டு, எண்ணெய் விட்டு ஏற்று. சுவாலை அசைகிறதைப் பார்க்காமல் "இருள் கெடுப்பது" என்ன என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

முடிவில் "வான்முகில் வழாது பெய்க" பாடுகிறீர்களா? நாங்கள் பாடாமல் எழும்பியதே இல்லை. கச்சியப்பர் கந்தபுராணத்துப் பாட்டு, முழுவதும் உனக்குப் பாடம்தானே. வழாது என்றால் தவறாது, அங்கே ழ. இப்போதைக்கு அதைத் திருத்தாதே, ஒரே நேரத்தில் ல, ள, ழ மூன்றையும் பிடித்தால் அழுவாள். ஆனால் அதன் கடைசி வரி, "மேன்மைகொள் சைவநீதி விளங்குக உலகமெல்லாம்". அந்த "விளங்குக"வும் விளக்கும் ஒரே அடியில் பிறந்த சொற்கள். விளங்குதோ என்று நான் உன்னைக் கேட்பதும் அதுதான். இந்த ளவைப் பிடித்தால் அந்த ளவும் தானாக வந்துவிடும்.

நாளைக்கு இங்கு ஆறரைக்கு விளக்கு வைக்கிறபோது எடுக்கிறேன். அங்கு காலை ஒன்பது, அவளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. அவள் முதல் வரியை மட்டும் சொல்லட்டும். அப்பாவும் பக்கத்தில் இருப்பார்.

அன்புடன்,
அம்மா