செந்திலுக்கு, அந்த வாட்ச் ஸ்ட்ராப் விஷயமா

டேய் செந்தில்,

உன் மெசேஜ் வந்து நாலு நாள் ஆச்சு, பதில் வரலேன்னு கோவிச்சுக்காத. இங்க அம்மாவுக்குக் கண்ணுல புரை ஆபரேஷன், நல்லபடியா முடிஞ்சுது, இப்ப பேப்பர்ல சின்ன எழுத்தெல்லாம் கண்ணாடி இல்லாம படிச்சுக் காட்டறாங்க, பெரியவன் ஹாஸ்டலுக்குப் போயிட்டான், வீடே அமைதியா இருக்கு. அதான் உக்காந்து பொறுமையா எழுதறேன். மணிக்கட்டு ஏன் தடிக்குது, வாட்ச் ஸ்ட்ராப்புக்கு சாதாரண பக்கிள் நல்லதா மடக்கு கிளாஸ்ப் நல்லதான்னு நீ கேட்டது ஒரு வரில பதில் சொல்ற கேள்வி இல்ல.

நீ அனுப்பின போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். மணிக்கட்டு அடிப்பக்கம் செவப்பா தடிச்சிருக்கு, ஆனா ஸ்ட்ராப் சுத்திப் போற வழி முழுக்க இல்ல, நடுவுல மட்டும் ஒரு நீள கட்டம் மாதிரி, ஓரம் நேரா கோடு போட்ட மாதிரி இருக்கு. அதுலயே பாதி பதில் இருக்குடா. வேர்வையினாலயோ பட்டையோட லெதர்ல இருக்கற கெமிக்கலாலயோ வந்தா பட்டை படற எடமெல்லாம் பரவலா வரும். இப்படி கிளாஸ்ப் சைஸுக்கு வந்திருக்குன்னா அந்த மெட்டல்தான் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம். நீ போன வருஷம் மாட்டின அந்த மடக்கு கிளாஸ்ப்போட உள் தகடு நேரா உன் தோல் மேல உக்காந்திருக்கு பாரு, அது.

கடைல இத டெப்ளாய்மென்ட் கிளாஸ்ப்னு சொல்வாங்க, சரியான பேரு டெப்ளாயன்ட், பிரெஞ்சுல விரியறதுன்னு அர்த்தம் வர்ற வார்த்தைலேர்ந்து வந்தது, 1910 வாக்குல கார்ட்டியே கம்பெனி கொண்டு வந்த ஐடியா. பட்டைய முழுசா கழட்டாம, வளையத்த அப்படியே பெருசாக்கி கைய வெளிய எடுக்கற மாதிரி மடக்குத் தகடு. சாதாரண பக்கிள்ல மெட்டல் எல்லாம் பட்டைக்கு வெளிப்பக்கம் இருக்கும், உன் தோலுக்கும் அதுக்கும் நடுவுல லெதர் இருக்கும். டெப்ளாயன்ட்ல தலைகீழ், தகடு உள்ள, தோல் மேல. நல்ல 316எல் ஸ்டீல்னா, தடிப்பு வரவைக்கற நிக்கல் ரொம்பக் கம்மியாத்தான் வெளிய விடும், பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மலிவா வர்ற கிளாஸ்ப் பல சமயம் பித்தளை மேல முலாம் பூசினது, மெட்ராஸ் வேர்வைக்கு அந்த முலாம் மூலைல தேய ஆரம்பிச்சா அடில இருக்கறது வெளிய வரும். உன் கிளாஸ்ப்ப வெளிச்சத்துல சாய்ச்சுப் பாரு, கீல் இருக்கற எடத்துல மஞ்சளா தெரிஞ்சுதுன்னா அதேதான். பத்து நாள் வேற பக்கிள் போட்டுப் பாரு, தடிப்பு அடங்கிச்சுன்னா தெரிஞ்சுடும், அடங்கலேன்னா தோல் டாக்டர்கிட்ட காட்டு, விட்டுறாத. சில பேர் உள்பக்கம் கலர் இல்லாத நெயில் பாலிஷ் அடிச்சு சமாளிப்பாங்க, கொஞ்ச நாள்ல உரிஞ்சுடும், நிரந்தரமா நம்பாத.

இப்ப நீ கேட்ட இன்னொண்ணு, பட்டைக்கு எது நல்லதுன்னு. இத நான் சும்மா சொல்லல. போன வருஷம் ஒரே தோல்லேர்ந்து, பக்கத்து பக்கத்துல வெட்டி, ரெண்டு ஸ்ட்ராப் தச்சேன், 20 மில்லிமீட்டர் அகலம், அதே நூல், அதே உள்தோல். ஒண்ணுக்கு சாதாரண பின் பக்கிள், இன்னொண்ணுக்கு டெப்ளாயன்ட். ஒரே வாட்ச்ல வாரம் மாத்தி வாரம் மாட்டி எட்டு மாசம் கட்டினேன், அப்பறம் ரெண்டையும் டேபிள்ல வச்சு லென்ஸ் வச்சுப் பாத்தேன்.

பின் பக்கிள் போட்டதுல நான் கட்டற அந்த மூணாவது ஓட்டை வட்டமா இல்ல, முட்டை மாதிரி நீண்டு போச்சு, அதுக்கு ரெண்டு பக்கமும் மேல் தோல்ல ரேகை ரேகையா வெடிப்பு. மத்த ஓட்டையெல்லாம் புதுசு மாதிரி. காரணம் யோசிச்சா புரியும். கைல இருக்கும்போது பட்டை உள்பக்கமா வளைஞ்சிருக்கு. கழட்டறப்ப பின்ன வெளிய எடுக்க, பட்டையோட ஓட்டை போட்ட நுனி இருக்கே, அந்த வால் பக்கத்தப் புடிச்சு எதிர்ப்பக்கமா மடிச்சு இழுக்கறோம், அதே எடத்துல. கம்பிய முன்னும் பின்னும் மடிச்சா எப்படி ஒடையுமோ அதான். காலைல ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவன்னு வச்சா வருஷத்துக்கு 730 மடிப்பு, எல்லாம் ஒரே ஓட்டைல.

டெப்ளாயன்ட் போட்டதுல ஓட்டை வட்டமாவே இருக்கு, வெடிப்பே இல்ல. அங்க லெதர் ஒரு தடவ வளைஞ்சா வளைஞ்சபடியே இருக்கும், தெனமும் திறந்து மூடறது மெட்டல் கீல்தான். ஆனா அந்த ஸ்ட்ராப்ப மோந்து பாத்தா வாசனை சரியில்லடா. நான் போட்ட கிளாஸ்ப்ல வால் உள்பக்கமா, தோலுக்கும் பட்டைக்கும் நடுவுல போய் ஒளிஞ்சுக்கும், பாக்க அழகா இருக்கும், ஆனா வேர்வை போற எடமே இல்லாம அங்க தேங்கிடும். வால் நுனி கறுத்துப் போய், ஓரத்துல பூசின பெயின்ட் மெத்துன்னு ஆகி, ஒரு மூலைல உள்தோல் பிரிய ஆரம்பிச்சிருச்சு. அது மட்டுமில்லாம கிளாஸ்ப் உதடு அழுத்தற எடத்துல லெதர் நசுங்கி ஒரு பள்ளம். அது என் தப்பு, வால் கிட்ட ரெண்டு மில்லிமீட்டருக்கு சீவி மெலிசாக்கி இருக்கணும், கொஞ்சம் தடியா விட்டுட்டேன். நீயும் வாங்கறதா இருந்தா வாட்ச்சோட சேர்ற லக் பக்கம் எவ்ளோ தடின்னு பாக்காத, வால் எவ்ளோ மெலிசுன்னு கேளு. பஃபு வச்ச தடி பட்டை டெப்ளாயன்டுக்குள்ள திணிச்சாத்தான் போகும், திணிச்சா கிழியும். வால் வெளிப்பக்கமா போற டைப்பும் இருக்கு, நம்ம ஊர் வெயிலுக்கு அதான் மேல், ஆனா தகடு அப்பவும் தோல் மேலதான் இருக்கும்.

ஆக பட்டைக்கு டெப்ளாயன்ட் நல்லது, வேர்வைய நீ கவனிச்சுக்கிட்டா. மணிக்கட்டுக்கு பின் பக்கிள் நல்லது, அதுவும் உன் மாதிரி ஒல்லிக் கைக்கு சந்தேகமே இல்ல. ஏன்னு சொல்றேன். என்கிட்ட இருக்கற கிளாஸ்ப் மூடினா 38 மில்லிமீட்டர் நீளம், அதோட வளைவு ஃபேக்டரில ஒரே அளவா வளைச்சது, மாத்த முடியாது. என் கை 17.5 செ.மீ, அடில சமமா உக்காருது. நீ சொன்ன 15.5 செ.மீ கைல அதே தகட்ட வச்சா நடுவுல தூக்கிக்கிட்டு ரெண்டு முனையும் குத்தும், இல்லேன்னா ஒரு முனை மணிக்கட்டு தசைநாண் மேலயே உக்காரும். நீ நாள் முழுக்க லேப்டாப் மேல கைய ஊனித் தட்டறவன், உன் எடை அந்த முனை வழியாத்தான் போகும். சாயங்காலம் கழட்டினா ரெண்டு குழி தெரியுதுன்னு எழுதியிருந்தியே, அதுக்கு இதான் காரணம்.

இன்னொண்ணு, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல என் ஸ்ட்ராப்ல ஆறு மில்லிமீட்டர் விட்டிருக்கேன், கடைல வர்றதும் கிட்டத்தட்ட அப்படித்தான். வெயில்ல மத்தியானத்துக்கு மேல கை லேசா உப்பும். பின் பக்கிள்னா ஆபீஸ்ல இருக்கும்போதே ஒரு ஓட்டை தளர்த்திக்கலாம், ரெண்டு செகண்டு வேலை. டெப்ளாயன்ட்ல அத மாத்தணும்னா கழட்டி, வால உருவி, திருப்பி அமுக்கி மாட்டணும், யாரும் செய்ய மாட்டாங்க, இறுக்கத்தோடயே இருப்பாங்க. பட்டர்ஃப்ளைன்னு ரெண்டு பக்கமும் விரியுமே, அது வேண்டவே வேண்டாம் உனக்கு, பல சமயம் அடில இன்னும் நீளமா தகடு வரும்.

அதனால நீ பின் பக்கிளுக்கு மாறிடு. மாறும்போது ஒரு விஷயம், டெப்ளாயன்டுக்கு வாங்கின ஸ்ட்ராப்ப அப்படியே வச்சுக்காத, கிளாஸ்ப்பே கொஞ்சம் நீளம் கூட்டும்ங்கறதால அளவு மாறும். பேப்பர் துண்ட கைல சுத்தி அளவெடு, பக்கிள் பக்கம் 75, ஓட்டை பக்கம் 115 மில்லிமீட்டர்னு வர்ற சாதாரண அளவே உனக்குக் கொஞ்சம் நீளமா இருக்கலாம், 70க்கு 110 கேட்டுப் பாரு. பக்கிள் மணிக்கட்டு நடு அடில வரணும், ஒரு பக்கமா தள்ளி சுண்டுவிரல் பக்கம் போச்சுன்னா அளவு தப்புன்னு அர்த்தம்.

கழட்டற விதத்தையும் மாத்து. வால புடிச்சு பின்னால நறுக்குன்னு மடிக்காத. மொதல்ல வளையத்துலேர்ந்து வால உருவு, அப்பறம் பட்டைய பக்கிள் பக்கமா தள்ளு, நடுவுல பெருசா வளைஞ்சு தளரும், பின் தானா விழும். எட்டு மாசத்துல வெடிச்ச என் ஸ்ட்ராப்புக்கு அப்பறம் தச்சத இப்படித்தான் கழட்டறேன், ஆறு மாசம் ஆச்சு, ஓட்டை இன்னும் வட்டமாத்தான் இருக்கு. ராத்திரி டப்பாக்குள்ள போட்டு மூடாத, காத்து படற மாதிரி படுக்க வை.

ஆனா உன் அப்பாவுக்கு? அத நீ கேக்கல, நான் சொல்றேன். போன தடவ வந்தப்ப பாத்தேன், அவருக்குக் கை நடுங்குது, அந்தப் பழைய கை வைண்டிங் வாட்ச்ச கட்டறப்ப பின் ஓட்டைல போகாம வாட்ச் நழுவி மடில விழுந்துச்சு, அவரும் ஒண்ணும் சொல்லல நானும் ஒண்ணும் சொல்லல. மொசைக் தரைல விழுந்தா உள்ள பேலன்ஸ் சக்கரத்தோட அச்சு ஒடையும், அந்தக் காலத்து வாட்ச்சுக்கு பார்ட் தேடறது கஷ்டம். அவருக்கு டெப்ளாயன்ட்தான் சரி. திறந்தாலும் வளையம் விட்டுப் போகாது, கைலதான் தொங்கும். ரெண்டு பக்கமும் பட்டன் அமுக்கித் திறக்கற டைப் வாங்கணும், வெறும் அழுத்தத்துல நிக்கற டைப் இழுத்துத் திறக்க விரல்ல பலம் வேணும், நாளாக நாளாக அதுவே லூஸாகி தானாத் திறந்துக்கும். அவரு பெரும்பாலும் ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கறவர், வேர்வைத் தொல்லை உன்ன மாதிரி இல்ல, கையும் உன் கை மாதிரி இல்ல, நல்ல அகலம்.

அவரு கை அளவும், அந்த வாட்ச்ல ரெண்டு லக்குக்கு நடுவுல இருக்கற அகலமும் ஸ்கேல் வச்சு மில்லிமீட்டர்ல எழுதி அனுப்பு, 18ன்னு நெனைக்கறேன் ஆனா பாத்துச் சொல்லு. தோல் கைல இருக்கு, வால் பக்கம் இந்தத் தடவ ஒழுங்கா சீவறேன். தீபாவளிக்கு வரும்போது நானே மாட்டி விடறேன், அவரு கிட்ட முன்கூட்டி சொல்லாத.

லதாவ கேட்டதா சொல்லு.

உன்
குமார்