ஓசூர் வீட்டு வெந்நீர் பற்றி நண்பனுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்
17 நவம்பர் 2024

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும், அதோடு நீ வரைந்து அனுப்பிய மொட்டை மாடியின் படமும் வந்து சேர்ந்தன. அம்மா முழங்கால் வலி குறைந்து மீண்டும் படியேறத் தொடங்கியிருப்பது பெரிய நிம்மதி. இங்கே அனைவரும் நலம். சோலார் ஹீட்டர் வைப்பதா, கீசரே போதுமா என்று நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொல்ல மனம் வரவில்லை.

வந்து பார்த்துப் போன விற்பனையாளர் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 200 லிட்டர் ஹீட்டர் வேண்டும் என்றும், அதற்கு உன் மாடியில் இடமில்லை என்றும் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இடம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் 200 லிட்டர் வேண்டும் என்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. சோலார் தொட்டியில் இருக்கும் தண்ணீரை யாரும் அப்படியே ஊற்றிக் குளிப்பதில்லை. நல்ல வெயில் அடித்த நாளில் அது 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும். குளிக்கப் போதுமானது 40 டிகிரி. ஓசூரில் மார்கழிக் காலையில் குழாயில் வரும் தண்ணீர் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 60 டிகிரியில் உள்ள 100 லிட்டரோடு இன்னொரு 100 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கலந்து 200 லிட்டர் குளிக்கும் தண்ணீர் கிடைக்கும். முந்தைய நாள் பாதி மேகமாக இருந்து தொட்டி 45 டிகிரி வரைதான் ஏறியது என்றாலும், 125 லிட்டர் தேறும். நம் வீடுகளில் வாளியில் பிடித்துக் குளிப்பவருக்கு 25 லிட்டர் தாராளம். நான்கு பேருக்கு 100 லிட்டர். ஆகவே 100 லிட்டர் கொண்ட சிறிய ஹீட்டரே உனக்குப் போதும், வெயில் குறைந்த நாளுக்கும் சேர்த்து.

ஐந்து பேர் இருக்க நான்கு பேருக்குக் கணக்குப் போடுகிறானே என்று நினைப்பாய். அம்மாவை வேண்டுமென்றேதான் இந்தக் கணக்கிலிருந்து விலக்கியிருக்கிறேன். அவர்கள் குளிப்பது கீழ்த்தளத்தில், வீட்டின் பின்புறம். மாடித் தொட்டியிலிருந்து அந்தக் குளியலறை வரை குழாய் சுற்றி வரும் நீளம், உன் படத்தின்படி, ஏறக்குறைய 24 மீட்டர். முக்கால் அங்குல சிபிவிசி குழாயில் ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். அதாவது ஒவ்வொரு முறை குழாயைத் திறக்கும்போதும் முதலில் 6 லிட்டர் ஆறிப்போன தண்ணீர் வந்த பிறகுதான் வெந்நீர் எட்டிப் பார்க்கும். குளித்து முடித்து மூடும்போது அதே 6 லிட்டர் வெந்நீர் குழாயிலேயே நின்று வீணாக ஆறும். எங்கள் வீட்டில் 2013-இல் ஹீட்டர் வைத்தபோது இதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. கீழே இருந்த என் தந்தை, விடியற்காலையில் குழாயைத் திறந்துவிட்டு ஈரத் தரையில் குளிரோடு காத்து நிற்பதைப் பார்த்த பிறகுதான், அந்தக் குளியலறைக்குத் தனியாக ஒரு கீசர் வாங்கினேன். அந்த இரண்டு குளிர்காலங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே அம்மாவின் குளியலறைக்கு 15 லிட்டர் கீசர் ஒன்றைப் பொருத்திவிடு. 2 கிலோவாட் கீசர் அந்தத் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். முக்கால் யூனிட்டுக்கும் குறைவாகவே செலவாகும். அதோடு பச்சைத் தண்ணீர் கலந்தால் 30 லிட்டர் குளிக்கும் தண்ணீர், ஒருவருக்கு நிறைவாகப் போதும்.

மாடிக் குளியலறை வேறு விதம். அது ஹீட்டர் நிற்க வேண்டிய தென்கிழக்கு மூலைக்கு நேர் கீழே இருப்பதால் குழாய் 5 மீட்டரைத் தாண்டாது. ஒன்றேகால் லிட்டரிலேயே வெந்நீர் வந்துவிடும். நீயும் உன் மனைவியும் பிள்ளைகள் இருவரும் அங்கேதான் குளிக்கிறீர்கள் என்பதால், சோலார் ஹீட்டரை அந்த ஒரு குளியலறைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்.

இனி இடத்தைப் பற்றி. மாடி 20 அடிக்கு 30 அடி என்றாலும், நிழல் விழாத இடம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. உன் மாடிப்படி அறை தென்மேற்கு மூலையில் 8 அடி உயரத்தில் நிற்கிறது; அதன் மேல் 4 அடித் தண்ணீர்த் தொட்டி. மொத்தம் 12 அடி. டிசம்பர் மாதக் கடைசியில் ஓசூரில் நண்பகல் வெயில் தெற்கே சாய்ந்து, ஏறக்குறைய 54 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது அந்த 12 அடியின் நிழல் வடக்கே 9 அடி வரை நீளும். மாலை 3 மணிக்கு அதே நிழல் வடகிழக்காகத் திரும்பி 18 அடிக்குப் போய்விடும். வெந்நீர் மிகவும் தேவைப்படும் மாதத்தில் மாடியின் நடுப்பகுதி முழுவதும் இப்படிப் பாதி நாளை இழக்கிறது. காலை 9 முதல் மாலை 3 வரை வெயில் தடையின்றி விழும் இடமாக எனக்குத் தெரிவது தென்கிழக்கில், அக்னி மூலையில், ஏறக்குறைய 6 அடிக்கு 7 அடி மட்டுமே. பத்து அல்லது பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்கள் கொண்ட 100 லிட்டர் ஹீட்டர் தெற்கு நோக்கி நிற்க 5 அடி அகலமும் ஆறரை அடி நீளமும் போதும். பக்கத்தில் ஒரு ஆள் நின்று துடைக்க ஓரடி மிஞ்சும். 200 லிட்டர் என்றால் அகலமே 7 அடியை நெருங்கிவிடும்.

உன் மைத்துனர் சொன்னபடி அந்த இடத்தில் மின்சாரம் தரும் சோலார் தகடுகளை வைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் கீசரே வைத்துக்கொள்வதையும் யோசித்தேன். இன்று விற்கும் 540 வாட் தகடு ஒன்று ஏழரை அடி நீளமும் மூன்றே முக்கால் அடி அகலமும் உள்ளது. உன் மூலையில் ஒன்றுதான், அதுவும் சற்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது நாளொன்றுக்கு 2 யூனிட் அளவுக்குத் தரும். நான்கு பேர் குளிக்க 100 லிட்டரை 20-லிருந்து 40 டிகிரிக்கு ஏற்றக் கீசருக்கு ஆகும் செலவு 2.3 யூனிட். கணக்கில் இரண்டும் அருகருகே வந்தாலும், ஒரே ஒரு தகட்டுக்காக இன்வெர்ட்டர், இருவழி மீட்டர், விண்ணப்பம் என்று அலைவது பொருந்தாது. நிழலில்லாத 200 சதுர அடி உனக்கு இருந்திருந்தால் நான் தயங்காமல் தகடுகளையே சொல்லியிருப்பேன். வெந்நீர் வேண்டாத சித்திரை, வைகாசியிலும் அவை வேலை செய்யும்.

பணக் கணக்கு உன் மின் கட்டணச் சீட்டைப் பொறுத்தது. குளிர் மாதங்களில் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் வருவதாக எழுதியிருக்கிறாய். அதில் உங்கள் நால்வரின் குளியலுக்கு மட்டும் ஏறக்குறைய 140 யூனிட் போகிறது. அது நீங்கினால் 460-க்கு வந்துவிடுவாய். இந்த ஆண்டுக் கட்டணப்படி 500-க்கு மேற்பட்ட யூனிட்டுகள் எட்டு ரூபாய்க்கு மேல் விலை உள்ளவை. அந்த எல்லையைத் தாண்டாதவர்களுக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் மலிவாகக் கிடைக்கின்றன. எல்லாம் சேர்த்து அந்த இரண்டு மாதச் சீட்டில் உனக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறையும். 300 யூனிட் மட்டும் செலவழிக்கும் வீடாக இருந்தால் இதில் பாதிகூட மிஞ்சாது. அவர்களுக்கு நான் சோலார் ஹீட்டரைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹீட்டர் தொட்டிக்குள்ளேயே தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பி வைத்துத் தருகிறோம், மழை நாளுக்கு உதவும் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடு. ஒருவர் குளிப்பதற்காக அதைப் போட்டாலும் 100 லிட்டர் முழுவதும் சூடாக வேண்டும். 25 டிகிரி ஏற்றவே கிட்டத்தட்ட 3 யூனிட் ஆகும். இப்போது மாடிக் குளியலறையில் இருக்கும் பழைய 25 லிட்டர் கீசரைக் கழற்றாமல், தனி வால்வு போட்டு அப்படியே விட்டுவை. ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் வெயில் இல்லாமல் போனால் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் என்று முன்பு சொல்லியிருக்கிறாய். அதனால்தான் செம்புக் குழாய் உள்ள தட்டைத் தகடு வகை ஹீட்டரை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. அந்த மெல்லிய குழாய்கள் சுண்ணாம்பால் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய்களில் உப்பு அடியில் பொடியாகத் தங்கும், அடைக்காது. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவினால் போதும். கழுவும்போது ஒவ்வொரு குழாயின் அடி நுனியையும் பார். அங்கே உள்ள வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தால் குழாய் நல்ல நிலையில் இருக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் அதனுள் இருந்த வெற்றிடம் போய்விட்டது, வெயிலில் நின்றாலும் அது சூட்டை வைத்துக்கொள்ளாது, மாற்ற வேண்டியதுதான். இன்னொன்று, இதைக் காலை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஒருமுறை பிளம்பர் தொட்டியைக் காலி செய்துவிட்டு மதியம் ஒரு மணிக்குத் திரும்ப நிரப்பினார். வெறுமையாகக் காய்ந்திருந்த குழாய்களில் குளிர்ந்த நீர் பட்டதும் மூன்று குழாய்கள் அடுத்தடுத்து வெடித்தன. யாருக்கும் காயம் படவில்லை என்பதுதான் ஆறுதல்.

பொருத்துபவரிடம் ஒன்றை மட்டும் கேட்டு எழுதி வாங்கிக்கொள். உன் தண்ணீர்த் தொட்டியில் நீர் 12 அடி உயரம் வரை நிற்கும். ஹீட்டர் தொட்டியின் மேலிருந்து எழும் காற்றுக் குழாய் அதைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் வழியே தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அந்த உயரத்தின் அழுத்தத்தைத் தங்கள் ஹீட்டரின் ரப்பர் வளையங்கள் தாங்குமா என்பதையும் அவர் சொல்ல வேண்டும். தாங்காது என்றால், மிதவை வால்வு வைத்த சிறிய இடைத் தொட்டி ஒன்று தேவைப்படும். ஷவருக்குப் பம்பு வைக்கும் எண்ணம் பிள்ளைகளுக்கு இருந்தால், அதை இந்த இணைப்பில் சேர்க்கக் கூடாது.

முன்பணம் கொடுக்குமுன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கும் நண்பகலிலும் 3 மணிக்கும் மாடியில் நிழலின் ஓரத்தைச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்பு. டிசம்பரில் நிழல் இன்னும் கொஞ்சம் நீளும். அதை நான் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன். அந்த 6 அடிக்கு 7 அடியை நான் காகிதத்தில்தான் பார்த்திருக்கிறேன், மேற்கு வீட்டுக்காரர் புதிதாக எழுப்பிய மூன்றாவது மாடி உன் படத்தில் இல்லை.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
முருகேசன்