இருக்கன்குடி ஆற்று மணலில் நீ பிடித்த கைகள்

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

நாளை ஆடிக் கடைசி வெள்ளி. இனி இருக்கன்குடியில் உன் இடத்தில் கைரேகை பார்க்கக் கோலோடு உட்காருவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவே மணலில் நீ சாக்கு விரித்திருந்த இடத்துக்குப் பட்டாசு வேலை செய்யும் பெண் ஒருத்தி மாமியாரோடு வந்தாளே, அவளைச் சொல்கிறேன். அவள் நீட்டிய இடது கையில், எத்தனை முறை கழுவியும் போகாத அலுமினியப் பொடி படிந்து, ஆயுள் ரேகையும் புத்தி ரேகையும் பென்சிலால் கீறியதுபோல் தெரிந்தன. "எம் மகன் படிப்பு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். நீ பேசவில்லை. முதல் கேள்வி பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவரின் காதுக்காகக் கேட்கப்படுவது, ஆகவே மூன்று மூச்சு விடும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாய். உன் கட்டைவிரல் அவளுடைய பெருவிரலடியில் இருக்கும் சுக்கிர மேட்டில் அழுத்தாமல் கிடந்தது. மற்ற விரல்கள் புறங்கையைத் தாங்கி, அது எந்தச் சொல்லுக்கு இறுகுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தன.

நான்தான் இரண்டாவது மூச்சிலேயே, "தாலிய அடகு வச்சிட்டீகளா?" என்று கேட்டுவிட்டேன். அவள் விரல்கள் மடங்கின. மாமியார் அவள் கழுத்தில் இருந்த புது மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். நீ காசைத் திருப்பிக் கொடுத்தாய். அவர்கள் போன பிறகு, "வெரலு மடங்குனா அங்ஙனயே நிறுத்திரணும்" என்றாய். அன்று இரவு முழுவதும் என்னோடு பேசவில்லை.

அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உன்னிடம் கேட்கிறேன். ஆனாலும் நான் சொன்னது சரிதானே, அப்பத்தா? உள்ளங்கை ரேகைகள் கருவில் மூன்றாம் மாதத்திலேயே உருவாகிவிடுகின்றன. போன வாரம் வைத்த அடகு அவற்றுக்கு எப்படித் தெரியும்? கயிற்றின் நிறமும் குரலின் தயக்கமும்தான் சொல்லின. நீயும் அவற்றைத்தான் கேட்டாய். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ரேகை சொல்கிறது என்று சொல்லிக் காசு வாங்க எனக்குக் கை வரவில்லை.

ஊரார் கையையெல்லாம் அத்தனை பொறுமையாகப் பிடித்த நீ, சொந்த ரத்தத்துக்குப் பார்க்கக் கூடாது என்று என் கையை ஒருநாளும் பிடிக்கவில்லை. பள்ளியை விட்டு நின்ற வருடம் உன் எதிரிலேயே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாய். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீயாகக் கையை நீட்டினாய். நான் பிடித்துக்கொண்டு, மருந்தைப் பற்றியும் வீட்டுக்குப் போகும் நாளைப் பற்றியும் விடாமல் பேசினேன். நடுவில் உன் விரல்கள் மடங்கின. அதை நான் உணர்ந்தேன், அப்பத்தா. உணர்ந்தும் பேச்சை நிறுத்தவில்லை.

உன் பேத்தி