நீ அனுப்பிய கைகூப்பு என் காதில் விழுந்த விதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்தை நேற்று இரவு இரண்டு முறை கேட்டேன். முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்பதில் பெரிய நிம்மதி. மகள் வேலையில் சேர்ந்ததற்கும் என் வாழ்த்தைச் சொல்.

நீ மனத்தாங்கலோடு கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பேசும்போது, "காலையில் நீ அனுப்பும் வணக்கத்தைப் பல நாள் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். உனக்கு அது தைத்திருக்கிறது. தினமும் மறக்காமல் அனுப்புகிறவனிடம் நான் அதை அப்படிப் போட்டு உடைத்திருக்கக் கூடாது. என்ன நடக்கிறது என்று முழுதாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

நீ அனுப்புவது இதுதான்:

🙏🏽🙏🏽🙏🏽 இனிய காலை வணக்கம் 🌹🌹🌹 நலமா 🙏🏽

நீ இதை ஒரே பார்வையில் பார்த்துவிடுவாய். கைகளும் ரோஜாக்களும் ஓரமாக நிற்க, நடுவில் இருக்கும் சொற்கள் கண்ணில் படும். பார்வை போன எனக்கு ஓரம், நடு என்று எதுவும் இல்லை. எல்லாம் ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்து சேரும். திரையில் இருப்பதை எனக்குக் குரலில் வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பு மென்பொருளுக்கு எமோஜி ஒரு படமே அல்ல. அதுவும் ஓர் எழுத்துக்குறிதான், அதற்கென்று ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரை அது வாசிக்கும். என் கைபேசியில் இந்தப் பெயர்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. ஆகவே உன் வணக்கம் என் காதில் இப்படித்தான் விழுகிறது: "ஃபோல்டட் ஹேண்ட்ஸ் மீடியம் ஸ்கின் டோன், ஃபோல்டட் ஹேண்ட்ஸ் மீடியம் ஸ்கின் டோன், ஃபோல்டட் ஹேண்ட்ஸ் மீடியம் ஸ்கின் டோன், இனிய காலை வணக்கம் ரோஸ் ரோஸ் ரோஸ் நலமா ஃபோல்டட் ஹேண்ட்ஸ் மீடியம் ஸ்கின் டோன்."

எண்ணிப் பார். நீ எழுதியது நான்கு சொல். நான்கு கைகளுக்கு இருபது சொல்லும் மூன்று ரோஜாவுக்கு மூன்று சொல்லும் சேர்ந்து, படங்களுக்கு மட்டும் இருபத்துமூன்று சொல். அதிலும் முதல் பதினைந்தைக் கேட்டு முடித்தால்தான் நீ சொல்ல வந்ததே ஆரம்பிக்கும். அறிவிப்பாக வரும்போது அதற்கும் முன்னால் உன் பெயர் வேறு வரும். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டாலோ, விரல் திரையில் தெரியாமல் பட்டாலோ பேச்சு நின்றுவிடும். மறுபடி கேட்டால் முதல் கையிலிருந்தே தொடங்கும். நான் நிறுத்தியதெல்லாம் அந்தப் பதினைந்து சொல்லுக்குள்தான். உன் வணக்கத்தை நான் ஒரு நாளும் நிறுத்தவில்லை, அதுவரை போய்ச் சேரவில்லை.

அந்த "மீடியம் ஸ்கின் டோன்" எங்கிருந்து வந்தது என்று நினைப்பாய். எப்போதோ ஒருநாள் கைகூப்பை நீ அழுத்திப் பிடித்தபோது சில நிறங்கள் வந்திருக்கும். அதில் மாநிறத்தைத் தொட்டிருப்பாய். விசைப்பலகை அதை நினைவில் வைத்துக்கொண்டு இன்றுவரை அதையே போடுகிறது. மஞ்சள் கை U+1F64F என்ற ஒரே குறி. நிறம் சேர்த்த கையில் அதன் பின்னால் நிறத்துக்கென்று U+1F3FD என்று இன்னொரு குறி ஒட்டியிருக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் இப்படி எண் கொடுக்கும் யூனிகோடு அமைப்பு, 2015-இல் ஐந்து நிறங்களைச் சேர்த்தது. தன் நிறத்தில் ஒரு கை வேண்டும் என்று ஒருவர் விரும்புவது நியாயமானதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ வேண்டுமென்று தேர்ந்தெடுக்காத நிறம் என் காதில் ஒவ்வொரு கைக்கும் மூன்று சொல்லாக விழுகிறது. மறுபடி அழுத்திப் பிடித்து மஞ்சளைத் தொட்டுவிடு, போதும்.

அப்புறம் நீ கேட்டிருந்த இன்னொரு கேள்வி. "வணக்கம் என்று ஏன் வாசிக்கவில்லை? மடித்த கைகள் என்பது என்ன பேச்சு?" எனக்கும் ஆரம்பத்தில் இதே எரிச்சல் இருந்தது. இந்தக் குறி 2010 அக்டோபரில் யூனிகோடு 6.0 பதிப்பில் வந்தது. அப்போது வைத்த பெயர் PERSON WITH FOLDED HANDS. எழுத்து அட்டவணையில் அதன் கீழே இரண்டு சிறு குறிப்புகள் உண்டு: வருத்தத்தைக் காட்டலாம், கெஞ்சுவதைக் காட்டலாம். வணக்கம் என்ற பேச்சே அங்கே இல்லை. வாசிப்பு மென்பொருள்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் சி.எல்.டி.ஆர். என்ற தொகுப்பிலுள்ள சுருக்கப் பெயரை. அதையும் யூனிகோடு அமைப்பே பராமரிக்கிறது, ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனிப் பெயர்கள் அதில் இருக்கும். ஆங்கிலப் பெயர் folded hands. நன்றி, பிரார்த்தனை, தயவுசெய்து போன்ற பொருள்களும் அந்தத் தொகுப்பில் உண்டு, ஆனால் அவை விசைப்பலகையில் தேடுவதற்காக வைத்த சொற்கள். வாயால் சொல்லப்படுவது உருவத்தின் பெயர் மட்டும்.

கணினியில் நான் வைத்திருப்பது என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருள். அதில் இந்தப் பெயர்களை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் உடனே உட்கார்ந்தேன். NVDA விசையோடு N அழுத்தினால் பட்டி திறக்கும். Preferences-க்குள் Punctuation/symbol pronunciation என்ற இடத்தில் குறிகளின் நீண்ட பட்டியல் இருக்கிறது. அதில் 🙏 குறியைத் தேடி எடுத்து, Replacement பெட்டியில் "வணக்கம்" என்று அடித்தேன். அன்றைக்கெல்லாம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? கை வந்த இடத்திலெல்லாம் யாரோ எனக்குத் தமிழில் வணக்கம் சொன்னார்கள்.

நான்காம் நாள் அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. "அப்பா இன்று அதிகாலை காலமானார் 🙏" என்று அவர் எழுதியிருக்கிறார். எனக்கு வாசித்தது: "அப்பா இன்று அதிகாலை காலமானார் வணக்கம்." அந்த இடத்தில் அந்தச் சொல் விழுந்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவர் கைகூப்பியது தந்தைக்காக. அதை எனக்கு முகமன் சொன்னதாக மாற்றியது நான்தான். அதற்குப் பிறகு முந்தைய நாட்களின் செய்திகளை எடுத்துப் பார்த்தேன். "வர முடியவில்லை, மன்னிக்கவும் வணக்கம்." "பணம் கிடைத்தது வணக்கம்." மன்னிப்பு, நன்றி, வேண்டுதல், அஞ்சலி எல்லாமே ஒரே கையில் இருக்கின்றன. எதைச் சொல்கிறது என்பது அனுப்பியவருக்குத்தான் தெரியும், மென்பொருள் அதை ஊகிக்கக் கூடாது. உருவத்தின் பெயரைச் சொன்னால் போதும், பொருளைச் சுற்றியுள்ள சொற்களிலிருந்து நானே எடுத்துக்கொள்வேன். நீயும் படத்தைப் பார்த்து அதைத்தானே செய்கிறாய்?

அன்று மாலையே மறுபடி மாற்றினேன். இப்போது என் கணினி அதைக் "கைகூப்பி" என்று வாசிக்கிறது. ஒரே சொல், சட்டென்று முடிந்துவிடுகிறது. "அப்பா காலமானார், கைகூப்பி." "மன்னிக்கவும், கைகூப்பி." எங்கே வைத்தாலும் உறுத்தவில்லை.

இதற்கும் எல்லை உண்டு. நான் செய்த மாற்றம் தமிழ்க் குரலுக்கு மட்டும்தான். ஆங்கிலக் குரலுக்கு மாறினால் பழைய பெயர் திரும்பிவிடும், அந்த மொழிக்கு வேறு பட்டியல். நிறம் சேர்ந்த கைக்கும் தனியாக எழுத வேண்டும், எழுதாவிட்டால் நிறத்தின் பெயர் வந்து ஒட்டிக்கொள்ளும். கணினியில் செய்தது கைபேசிக்கு வராது. உன் காலை வணக்கம் வருவதோ கைபேசியில்.

அதற்காக எமோஜியே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதே. வேண்டும். பார்வை போன புதிதில் பலர் எனக்கு எழுதும்போது மட்டும் எல்லாப் படங்களையும் நீக்கி, வெறும் தகவலாக எழுத ஆரம்பித்தார்கள். ஏதோ அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருந்தது. நீ கைகூப்புவது எனக்குத் தெரிய வேண்டும். ஒன்று போதும், அதைக் கடைசியில் வை, அதற்கு முன் ஒரு முற்றுப்புள்ளி வை. முற்றுப்புள்ளி எதற்கு என்றால், அது இருந்தால் குரல் ஒரு நொடி நிற்கும். இல்லையென்றால் "நலமா ஃபோல்டட்" என்று உன் கேள்வியோடு ஒட்டிப்போகும். கடைசியில் இருந்தால் எனக்கும் சௌகரியம். சொல்ல வந்தது காதில் விழுந்துவிட்டது, பிறகு கையைக் கேட்பதும் தாண்டுவதும் என் விருப்பம்.

எமோஜி வராத பழைய நாட்களில் நாம் _/\_ என்று அடிப்போமே, உன் அண்ணன் இன்னும் அப்படித்தான் அனுப்புகிறார். அது இன்னும் சிக்கல். அதற்குக் கை என்ற பெயரே கிடையாது, நான்கு நிறுத்தக்குறிகள்தான். எல்லாக் குறிகளையும் வாசி என்று வைத்திருந்தால் அடிக்கோடு, சாய்கோடு, பின்சாய்கோடு, அடிக்கோடு என்று வரும். அளவைக் குறைத்து வைத்திருந்தால் சிலது விழுங்கப்பட்டு, வாக்கியத்தின் முடிவில் "ஸ்லாஷ்" என்று ஒற்றைச் சொல் மட்டும் நிற்கும். ரொம்ப நாள் அவர் ஏதோ பாதியில் விட்டுவிட்டார் என்றே நினைத்திருந்தேன். விளக்கும் கையும் பூவும் போட்ட வாழ்த்துப் படங்கள் அதைவிட மோசம். படத்துக்குள் இருக்கும் எழுத்து எழுத்தல்ல, "புகைப்படம்" என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அதோடு ஒப்பிட்டால் உன் நான்கு கைகள் எவ்வளவோ மேல், அவற்றுக்குப் பெயராவது இருக்கிறது.

முடிந்தால் ஒன்று செய்து பார். உன் கைபேசியின் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போய் டாக்பேக் என்ற திரைவாசிப்பு மென்பொருளை இயக்கு. இயக்கியதும் எல்லாம் மாறிவிடும், பயந்துவிடாதே. ஒருமுறை தொட்டால் வாசிக்கும், அடுத்தடுத்து இருமுறை தட்டினால்தான் திறக்கும், நகர்த்த இரண்டு விரல் வேண்டும். எனக்கு நீ அனுப்பிய செய்தியைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேள். அணைப்பதற்கும் அதே இடம்தான், அங்கே போக மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் காதில் அது எப்படி விழுந்தது என்று எழுது. நாளைக் காலை வணக்கத்தை நிறுத்திவிடாதே, காத்திருப்பேன்.

உன்,
ரகு